ஒரே பக்கத்தில் ரெக்ரஷன்

எனக்குத் தேர்வு என்றால் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. நடந்துகொண்டே படிப்பேன், படித்துக்கொண்டே சாப்பிடுவேன், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் மொட்டை மாடிக்குப் போய் அங்கேயும் நடப்பேன். எங்கள் வீடு தென்காசியில் பஸ் போகிற தெருவில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தே பரீட்சை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். அப்படி நடந்து நடந்துதான் எம்.ஏ. பொருளியலில் எகனாமெட்ரிக்ஸ் பாடத்துக்கு அந்த ஒரு பக்கத் தாளைத் தயார் பண்ணினேன்.

ஒரே பக்கம் என்பது நானாக வைத்துக்கொண்ட வீம்பு. ரெக்ரஷனுக்கு, அதாவது புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான கோடு போடுகிற கணக்குக்கு, பேராசிரியர் கொடுத்த குறிப்பு நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அதையெல்லாம் ஏ-ஃபோர் தாளின் ஒரு பக்கத்தில், பின்பக்கம் திருப்பாமல், அடக்கிவிட வேண்டும். அடக்கிவிட்டால் பாடம் என் கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது முறை வந்துவிட்டது.

மேலே அனுமானங்கள். பிழைகளின் சராசரி சுழி. எல்லாப் பிழைகளுக்கும் ஒரே பரவற்படி. ஒரு பிழைக்கும் இன்னொரு பிழைக்கும் தொடர்பு இல்லை. X-க்கும் பிழைக்கும் தொடர்பு இல்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, 'பிழைகள் நார்மலாக இருக்க வேண்டும் என்பது t, F சோதனைகளுக்கு மட்டும்; மிகச் சிறந்த மதிப்பீடு (BLUE) என்று சொல்ல அது தேவையில்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். வகுப்பில் பாதிப் பேர் சறுக்குகிற இடம் அது. அப்புறம் சூத்திரங்கள். சாய்வு b = Σxy / Σx². வெட்டு a = Ȳ − bX̄. r² = b²Σx² / Σy². பிழைப் பரவற்படிக்கு Σe² / (n − 2). கடைசியில் 'விடையைச் சரிபார்க்க: Σe = 0', பிழைகளையெல்லாம் கூட்டினால் சுழி வர வேண்டும். அந்தக் கடைசி வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. புத்தகத்தில் எங்கோ மூலையில் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தேன்.

அந்தத் தாளை என்னிடம் கேட்டு வாங்கியது வடகரை அக்கா. எனக்கு உறவு இல்லை. எனக்கு மூன்று செட் முன்னால் இதே கல்லூரியில் படித்தவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் ராணுவத்தில். அக்கா வடகரையில் மாமனார் வீட்டில் வயலையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, விட்டுப்போன பேப்பர்களை ஒவ்வொன்றாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். எகனாமெட்ரிக்ஸ் நடந்த பருவத்தில்தான் அவருக்கு இரண்டாவது பிரசவம். வகுப்பில் ரெக்ரஷன் ஆரம்பித்த நாட்களில் அவர் செங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தார். மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டார், இது ஒன்று மட்டும் நின்றது. படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த வருடங்கள் அந்த நவம்பர்த் தேர்வோடு தீர்ந்துவிடும். இதில் தேறாவிட்டால் பட்டமே கிடையாது, தேறிய பேப்பர்களும் வீண்.

"ஏட்டி, எனக்குப் புரியவெல்லாம் வேண்டாம். இந்த ஒத்தப் பக்கத்த அப்படியே மண்டையில ஏத்திருதேன். இதுல இருக்குறது போதும்லா?" என்று கேட்டார்.

"தாராளமா போதும்க்கா. இதுக்கு மேல கேக்க மாட்டாங்க" என்றேன்.

அக்காவுக்கு இருந்த ஞாபக சக்தியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. தாளைக் குற்றாலம் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கலரில் நகல் எடுத்துக்கொண்டு போனவர், நாலாம் நாள் போன் பண்ணி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தார். எது சிவப்பு மை, எது கட்டத்துக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுதியதை ஒருவர் மந்திரம் மாதிரி சொல்லக் கேட்பது அதுதான் முதல் தடவை.

தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்கு. அன்று காலையிலிருந்தே மழை. கல்லூரி வாசலில் குடையை மடக்கிக்கொண்டே அக்காவிடம் அனுமானங்களைக் கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார். "நார்மல் எதுக்கு மட்டும்?" என்றேன். "t-க்கும் F-க்கும் மட்டும். BLUE-க்கு வேண்டாம்" என்றார். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணி அடித்துவிடும் என்ற பதற்றத்தில் என் கால் தரையில் நிற்கவில்லை.

அறையில் அக்கா எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால், சற்றுத் தள்ளி இடப்பக்கம். வினாத்தாளைப் புரட்டினேன். பத்து மதிப்பெண்ணுக்குக் கணக்கு இருந்தது, அது கட்டாயக் கேள்வி. உர மூட்டை 1, 2, 3, 4, 5. மகசூல் 3, 5, 4, 6, 7. ரெக்ரஷன் கோட்டைப் பொருத்தி r² கண்டுபிடிக்கவும். இவ்வளவு சுலபமாகவா என்று சிரிப்பு வந்தது. சராசரி மூன்று, ஐந்து. பழக்கத்தில் முதல் வரியாக 'x = X − X̄, y = Y − Ȳ' என்று எழுதினேன். எழுதின கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வரி என் தாளில் இல்லை.

எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். பெரிய எழுத்து என்றால் கொடுத்த எண். சின்ன எழுத்து என்றால் அதிலிருந்து சராசரியைக் கழித்தது. அதற்கப்புறம் பருவம் முழுக்க அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாவது பிரதியில் நான் அந்த வரியை எழுதித்தான் வைத்திருந்தேன். நான்காவதில், இடம் போதவில்லை, இது தெரியாதவர் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துவிட்டேன். யார் என்றால், பாடம் ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தவர்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அடிக்கோலை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கோடு விழ விழ எண்ணினேன். கழித்துப் போடுகிறவருக்கு ஏழு கட்டம் வேண்டும்: X, Y, சின்ன x, சின்ன y, அவற்றின் பெருக்கல், இரண்டு வர்க்கம். அக்கா ஐந்தோடு அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். கழிக்காமலே போடுகிற நீளமான சூத்திரம் ஒன்று உண்டு, அதற்கும் ஐந்து கட்டம்தான், ஒருவேளை அக்கா அதைப் போடுகிறாரோ என்று ஒரு நிமிடம் நம்பினேன். ஆனால் அது என் தாளில் இல்லை. என் தாளில் இல்லாத எதுவும் அக்காவுக்குத் தெரியாது.

இருமினேன். கண்காணிப்பாளர் பார்த்தார். தண்ணீர் குடித்தேன். வாயைத் திறந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள், அக்காவுக்கு அது இதைவிட மோசம். அப்படி நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் என் பேப்பர் போய்விடுமே என்ற பயமும் பாதி இருந்தது. மிச்ச இரண்டரை மணி நேரம் நான் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. அக்காவின் பின்னல் மட்டும் நினைவிருக்கிறது. நுனியில் இருந்த கறுப்பு ரப்பர் பேண்ட் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது, முகம் மட்டும் பளபளவென்று.

"அந்தக் கணக்கு எனக்கு அப்படியே விழுந்துட்டு, ஏட்டி. r² எவ்வளவு தெரியுமா? பூச்சியம் புள்ளி தொண்ணூத்தஞ்சு. e எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன், சுழி வந்துட்டு. உனக்கு எவ்வளவு?"

எனக்குப் பூச்சியம் புள்ளி எண்பத்தொன்று. அதுதான் சரியான விடை. "எனக்கும் கிட்டத்தட்ட அதான்க்கா" என்றேன்.

பேப்பர் முடிந்த அன்று குற்றாலத்தில் தலை நனைப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். பஸ் ஏறிப் போனோம். மெயின் அருவியில் வெள்ளம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் பழுப்பு நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. அக்கா கயிற்றருகில் நின்று, காற்றில் வந்த சாரலுக்குத் தலையை நீட்டிக்கொண்டார். இதுவே போதும், வேண்டுதல் தீர்ந்தது என்றார். கடையில் வாங்கிய வடையை மென்றுகொண்டே அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசினார்.

"யாரு போட்ட கணக்கோ. எங்க வயல்ல அஞ்சாவது மூட்ட உரம் போட்டா பயிரு சாஞ்சிரும். இவன் என்னடான்னா போடப் போட வெளையும்னு நேரா கோடு கிழிக்கச் சொல்லுதான். நமக்கென்ன, கிழிச்சாச்சு."

நான் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும், இந்தச் சந்தோஷத்தை இன்று ஒருநாள் கெடுப்பானேன், மற்றக் கேள்விகளில் தேறிவிடுவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் வடைக்காரரிடம் சட்னி புளிக்கிறது என்று சண்டை போட்டேன்.

முடிவு வரும் வரை நான் நடந்த நடைக்குச் சிவகிரிக்கே போய்த் திரும்பியிருக்கலாம். அம்மா டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டாள். தூங்கி எழுந்ததும் அந்த ஐந்து ஜோடி எண்கள்தான் வந்து நிற்கும். அக்கா எப்படிப் போட்டிருப்பார் என்று நானே போட்டுப் பார்த்தேன். கழிக்காமல் பெருக்கிக் கூட்டினால் எண்பத்து நாலு. வர்க்கங்களின் கூட்டல் ஐம்பத்தைந்து. வகுத்தால் 1.53. சரியான சாய்வு 0.9. அக்காவின் a-யையும் கண்டுபிடித்து, e எல்லாவற்றையும் கூட்டினேன். சுழிதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டு சராசரிகளும் சந்திக்கிற புள்ளி வழியாக எந்தக் கோட்டைக் கிழித்தாலும் அந்தக் கூட்டல் சுழிதான் வரும். என் சூத்திரத்தில் a எப்போதும் கோட்டை அந்தப் புள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், சாய்வு தப்பாக இருந்தாலும். e-யை X-ஆல் பெருக்கிக் கூட்டியிருந்தால் தப்பு வெளியே வந்திருக்கும். நான் பெருமைப்பட்ட சரிபார்ப்பு, தப்பான விடைக்கும் சரி போட்டுக் கொடுத்திருக்கிறது.

தை பிறந்த பிறகு முடிவு வந்தது. அக்காவின் பதிவெண் எனக்கு மனப்பாடம், என்னுடையதற்கு முன் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். தேற நான்கு மதிப்பெண் குறைவு.

நான் போன் பண்ணவில்லை. அவர்தான் பண்ணினார். அழவில்லை, கோபமாக இருந்தார். விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். "அந்தக் கணக்குல என்னவோ பண்ணியிருக்கானுவ. சரிபார்த்து எழுதின கணக்கு அது, ஏட்டி. நீயும் அதே விடைதான போட்ட. நகல் வந்ததும் மறுமதிப்பீட்டுக்குப் போடப் போறேன். நீ கூட வந்து பாரு." சரி என்றேன்.

நகல் வந்த அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்கா பையிலிருந்து நகலை எடுத்து மேசையில் விரித்தார். அனுமானங்கள் பற்றிய கேள்விக்கு அவர் எழுதியிருந்ததை நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்த முடியாது, என் தாளேதான், திருத்துபவரும் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார். கணக்கில் ஐந்து கட்டத்துக்கும் சேர்த்து ஒரு குறுக்குக்கோடு. ஓரத்தில் இரண்டு மதிப்பெண்.

"பாரு. பத்துக்கு ரெண்டு. e கூட்டி சுழி காமிச்சிருக்கேன், அதைக்கூடப் பாக்கல" என்றார் அக்கா. "இன்னும் நாலு போட்டா போதும்லா."

"அக்கா, கணக்கு தப்பு" என்றேன்.

"யாரு போட்டது, திருத்தினவங்களா?"

"நீங்க போட்டது. இல்ல, நான் எழுதிக் கொடுத்தது." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன எழுத்து என்றால் சராசரியைக் கழித்தது, அதைத் தாளில் எழுதவில்லை, தேர்வு அறையிலேயே தெரிந்துவிட்டது, வெளியே வந்து பொய் சொன்னேன், அருவியில் வைத்தும் மறைத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. டீ கிளாஸ் கிணுகிணுத்தது. அக்கா கை வைத்து கிளாஸை நிறுத்தினார்.

அக்கா பேனாவை எடுத்து, நகலின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட ஆரம்பித்தார். ஏழு கட்டம். மூன்றையும் ஐந்தையும் கழித்தார். மேலே ஒன்பது, கீழே பத்து. 0.9. அதைப் போட்டு முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. புரியவெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்க்கா."

"அப்ப மறுமதிப்பீட்டுக்குப் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல."

"இல்லக்கா. பல்கலைக்கழகம் எப்பவாச்சும் பழைய ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு வாய்ப்பு கொடுத்தாத்தான்."

தலையாட்டினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. "ஏன்ட்டி அந்த வரிய எழுதல?" என்று மட்டும் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி.

"இடம் இல்லக்கா. ஒரே பக்கத்துல அடக்கணும்னு..."

அக்கா பைக்குள் கையை விட்டு அந்தத் தாளை எடுத்தார். எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது. நகலின் மேல் அதை விரித்து, தடவி, அடிப்பக்கம் விரலை வைத்தார். அங்கே அடைப்புக்கட்டம் போட்டு, மூலைக்கு மூலை பூ வரைந்து, 'தயாரிப்பு' என்று என் பெயர், இனிஷியலோடு, எம்.ஏ. என்று முன்கூட்டியே சேர்த்து எழுதியிருந்தது. ஐந்தாவது பிரதியில் நான் சேர்த்தது. இது நாலு பேர் கைக்குப் போகும் என்று தெரிந்தபோது சேர்த்தது.

அக்கா பேனாவால் என் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், அதை ஒட்டிக் கட்டத்துக்குள்ளேயே 'x = X − X̄, y = Y − Ȳ' என்று எழுதினார். எழுதிய பிறகும் அங்கே இடம் மிச்சம் இருந்தது.